இணையவழி யோகா வகுப்புக்கு முகப்பில் என்ன எழுதுவது?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் யோகா சொல்லித் தருகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய அக்காமார், பாதிப் பேருக்கு முழங்கால் வலி. இப்போது ஸூமில் வகுப்பு தொடங்குகிறேன். ஜொகூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இணையத்தள முகப்புக்கு ஒரு வரவேற்புச் செய்தி வேண்டும். "அன்பு நெஞ்சங்களே, வருக வருக! ஐயாயிரம் ஆண்டுப் பழமையான யோகக் கலை உங்கள் இல்லம் தேடி வருகிறது. உடல், மனம், ஆன்மா மூன்றும் நலம் பெற, சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி நீங்க இன்றே இணையுங்கள்" என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ குறைகிறது. எவ்வளவு எழுத வேண்டும், எதை எழுத வேண்டும்?

பதில்:

150 சொல்லுக்குள் முடியுங்கள். முதல் இரண்டு வரியிலேயே இது யாருக்கான வகுப்பு, எந்த நிலையில் செய்வது, எந்த மொழியில் நடப்பது என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். வணக்கம் அதற்கு அடுத்துத்தான்.

உங்கள் வரைவில் குறைவது அதுதான். அதைப் படிக்கிற ஒரு அக்காவுக்கு யோகா பழமையானது என்பது ஏற்கெனவே தெரியும். தெரியாதது வேறு. சம்மணம் போட முடியாத தன்னால் இதைச் செய்ய முடியுமா, நாற்காலி இருந்தால் போதுமா, தப்பாகச் செய்தால் டீச்சருக்குத் தெரியுமா, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு நேரம் ஒத்துவருமா. இந்தக் கேள்விகளோடுதான் அவர் வருகிறார். கைப்பேசியில் மேலே ஒரு படமும் தலைப்பும் போன பிறகு முதல் திரையில் நிற்பது ஏறக்குறைய முப்பது சொல்தான். உங்கள் வரைவில் அந்த முப்பது சொல்லும் வருகவிலும் ஐயாயிரம் ஆண்டிலும் நோய் நீங்குவதிலும் செலவாகிவிடுகின்றன. அவர் விரலால் மேலே தள்ளிப் பார்த்தும் பதில் இல்லையென்றால் மூடிவிடுவார்.

முதல் வரியில் ஆளைச் சொல்லத் தயங்காதீர்கள். "எல்லா வயதினருக்கும்" என்று எழுதினால் அதிகம் பேர் வருவார்கள் என்று தோன்றும். நடப்பது வேறு. முப்பது வயதுக்காரர் ஒருவர் சூரிய நமஸ்காரத்தை எதிர்பார்த்துச் சேர்ந்து, இரண்டாம் வகுப்பில் நின்றுவிடுவார். அறுபது வயதுக்காரர் இது இளையவர்களுக்கானது என்று நினைத்து வரவே மாட்டார். நீங்கள் அன்றாடம் சொல்லித் தருவது யாருக்கோ அவர்களையே எழுதுங்கள்: "ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, நாற்காலியில் அமர்ந்தும் அதைப் பிடித்து நின்றும் செய்யும் யோகா. தமிழில், உங்கள் வீட்டிலிருந்தே."

அடுத்தது முழங்கால். "மூட்டுவலி உள்ளவர்களும் செய்யலாம்" என்ற பொதுவான வரியை யாரும் நம்புவதில்லை. வஜ்ராசனத்தில் முழங்கால் முழுதாக மடங்கி, உடல் எடையும் அதன்மேல் இறங்குகிறது. தேய்மானம் உள்ளவருக்கு வலி எடுப்பது அங்கேதான். பத்மாசனத்தில் இடுப்பு திறக்காதபோது அந்தத் திருகல் முழங்காலுக்குப் போகிறது. ஆகவே எதைச் செய்யப்போவதில்லை என்று சொல்லுங்கள்: "சம்மணம், வஜ்ராசனம், தரையில் உட்கார்ந்து எழுவது எதுவும் இல்லை." வலியோடு வாழ்கிற ஒருவர் இந்த வரியைப் படித்ததும் இது தனக்கான இடம் என்று புரிந்துகொள்வார். ஆனால் எழுதினால் வகுப்பிலும் அப்படியே நடக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடச் சவாசனத்துக்குத் தரையில் படுக்கச் சொல்லும் வழக்கம் இருந்தால், நாற்காலியில் சாய்ந்தபடி அதைச் செய்வதற்கும் வழி வைத்திருங்கள்.

இதே முறை மற்ற நோய்களுக்கும் பொருந்தும். பல தளங்களில் "இரத்த அழுத்தம், கண் அழுத்தம், குடலிறக்கம், இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரை அணுகவும்" என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. படித்தாலும் தன் பெயர் அதில் இருப்பதைக் கண்டு பயந்து போய்விடுவார்கள். வகுப்பிலிருந்தே ஆபத்தானதை எடுத்துவிட்டு, எடுத்ததை எழுதுவதுதான் நல்லது. தலை இதயத்துக்குக் கீழே போகும் நிலைகளில் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது. கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது கெடுதல், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவருக்கும் ஆகாது. மூச்சை நீண்ட நேரம் அடக்குவதும் கபாலபாதியும் அப்படித்தான். "தலையைத் தொங்கவிடும் ஆசனமோ மூச்சை அடக்கும் பயிற்சியோ இந்த வகுப்பில் இல்லை" என்ற ஒரே வரி அந்தப் பட்டியலின் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

மீதி இருப்பதில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: சர்க்கரை மருந்து. யோகா என்றால் வெறும் வயிறு என்று நம் ஆட்களுக்கு மனத்தில் பதிந்திருக்கிறது. இன்சுலின் போடுபவரும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரை எடுப்பவரும் காலை மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் பயிற்சி செய்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பிறகு குழப்பம் என்று போகும். மன்றத்தில் பக்கத்தில் இருப்பவர் கவனித்துவிடுவார். ஸூமில் அவர் திரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பது போலத்தான் உங்களுக்குத் தெரியும். உங்கள் வகுப்பில் வயிற்றை அழுத்தும் முறுக்கலோ தலைகீழ் நிலையோ இல்லாததால், ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வருவதில் தடை ஒன்றும் இல்லை. அதையே எழுதுங்கள். மருந்தையும் சாப்பாட்டையும் எப்படிச் சரிக்கட்டுவது என்பதை அவர்களுடைய மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் மட்டும் "உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று எழுதினால் அதற்கு மதிப்பு இருக்கும்.

"சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி நீங்க" என்ற வரியை எடுத்துவிடுங்கள். நீங்கும் என்று நீங்கள் உறுதி தர முடியாது. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் விளைவு மோசமாக இருக்கும். சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டமும் பயனீட்டாளரிடம் பொய்யான உறுதி கூறுவதை நியாயமற்ற நடைமுறையாகவே பார்க்கிறது. அதற்குப் பதிலாக, செய்யும் வேலையைச் சொல்லுங்கள்: "நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, ஒற்றைக்காலில் நிலையாக நிற்பது, தோளுக்கு மேல் கை தூக்குவது, இவற்றுக்கான பயிற்சி." மேல் அலமாரியில் இருந்து டப்பாவை எடுக்கச் சிரமப்படுகிறவருக்கு இது உடனே விளங்கும்.

இனி, இணையவழி வகுப்புக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். வரவேற்புச் செய்திகளில் அதிகம் விடுபடுவது இதுதான். மன்றத்தில் நீங்கள் சுற்றி வந்து தோளைத் தொட்டுத் திருத்துவீர்கள். திரையில் 12 பேர் இருந்தால் ஒவ்வொருவரும் உள்ளங்கை அளவுக்குத்தான் தெரிவார்கள். நேர் எதிரே கேமராவை வைத்தால் முதுகு வளைவதும் முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னே போவதும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் இரண்டும் தெரியும். எனவே நாற்காலி பக்கவாட்டாகத் தெரிய வேண்டும், கைப்பேசி படுக்கைவாட்டில் இருக்க வேண்டும், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில், நாற்காலியிலிருந்து இரண்டரை மீட்டர், அதாவது எட்டடி தள்ளி. உட்கார்ந்தபடி கையை மேலே தூக்கினால் விரல்நுனி வரை தெரிகிறதா என்பதுதான் சோதனை. நிற்கும் பயிற்சிக்கு இன்னும் கொஞ்சம் தூரம் வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் கட்டிலும் அலமாரியும் போக அந்த இடம் கிடைப்பது கடினம். வரவேற்பறையில் டீப்பாயைத் தள்ளிவைத்தால் கிடைத்துவிடும்.

இந்த அளவுகள் எல்லாவற்றையும் முகப்பில் எழுதக் கூடாது. அவை சேர்ந்த பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியவை, ஒரு படத்தோடு. முகப்பில் மூன்று உறுதிமொழி போதும்: எத்தனை பேர், எப்படிப் பார்ப்பீர்கள், முதல் நாள் கேமராவை வைக்க உதவுவீர்களா. "முதல் வகுப்புக்கு முந்தைய நாள் பத்து நிமிடம் அழைத்து, கைப்பேசியை எங்கே வைப்பது என்று காட்டித் தருகிறேன்" என்ற வரி, ஸூமைக் கண்டு தயங்கும் ஓர் அக்காவை மற்ற எல்லா வரியையும்விட அதிகமாக இழுக்கும்.

நாற்காலியைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். பலர் வீட்டில் கணினி மேசைக்கு வைத்திருக்கும் சக்கரம் பொருத்திய நாற்காலியை இழுத்துவந்துவிடுவார்கள். அது எழும்போது பின்னால் ஓடும். கைப்பிடி உள்ளது பக்கவாட்டு வளைவைத் தடுக்கும். நாலு கால், சக்கரமில்லாத, கைப்பிடியில்லாத சாப்பாட்டு மேசை நாற்காலி வேண்டும். அதன் முதுகுப்புறம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், கால்களுக்குக் கீழே யோகா விரிப்பு இருக்க வேண்டும். பளிங்குத் தரையில் வழுக்காமல் இருக்க விரிப்பு நாற்காலிக்குத்தான் முதலில் தேவை.

கேமரா என்றதும் இன்னொரு தயக்கம் வரும்: நைட்டியோடு வீட்டில் இருக்கும் தன்னை யாராவது பதிவு செய்வார்களா என்பது. வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், சேராமல் இருந்துவிடுவார்கள். பதிவு செய்யப்போவதில்லையென்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். வராதவர்களுக்கு அனுப்பப் பதிவு வேண்டுமென்றால், உங்கள் படத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸூமில் கேலரி நிலையில் உங்கள் கணினியிலேயே பதிவு செய்தால் எல்லார் முகமும் வீடும் அதில் வந்துவிடும். இன்னொரு கைப்பேசியை உங்கள் எதிரே வைத்துத் தனியாகப் படமெடுப்பது எளிது, பாதுகாப்பும்கூட.

நேரத்தை எழுதும்போது "சிங்கப்பூர் நேரம்" என்ற சொல் இல்லாவிட்டால் சென்னையிலிருந்து வருபவர் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்து, வகுப்பு முடிந்த வெற்றுத் திரையைப் பார்ப்பார். ஜொகூருக்கு நேரம் ஒன்றுதான். இந்தியா நமக்கு 2 மணி 30 நிமிடம் பின்னால். காலை 7 மணிக்கு வைத்தால் சென்னையில் 4.30, யாரும் வர மாட்டார்கள். 8.30 என்றால் அங்கே 6 மணி. இங்கேயும் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு. இரண்டு பக்கத்துக்கும் அது பொருந்துகிறது.

கட்டணத்தை மறைக்காதீர்கள். "விவரங்களுக்கு அழைக்கவும்" என்றால் விலை கூடுதலாக இருக்கும் என்றே நினைப்பார்கள். மாதக் கட்டணம் என்றும் எழுத வேண்டாம். செவ்வாய், வியாழன், சனி வகுப்பு என்றால் மாதத்துக்கு 12 முதல் 14 வரை மாறும். ஒரு வகுப்பு கூடும்போதோ தீபாவளிக்கு விடுமுறை விடும்போதோ கணக்கு இடிக்கும். 12 வகுப்பு இவ்வளவு வெள்ளி, ஆறு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் சச்சரவு வராது.

எல்லாவற்றையும் சேர்த்தால் செய்தி இப்படி வரும். கட்டணத்தை எடுத்துக்காட்டுக்குத்தான் போட்டிருக்கிறேன், உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்.

> ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, நாற்காலியில் அமர்ந்தும் அதைப் பிடித்து நின்றும் செய்யும் யோகா. தமிழில், உங்கள் வீட்டிலிருந்தே.
>
> வணக்கம். நான் (உங்கள் பெயர்). முழங்கால் மடங்கவில்லை என்று யோகாவைத் தள்ளிப்போட்டவர்களுக்காக இந்த வகுப்பை நடத்துகிறேன். சம்மணம், வஜ்ராசனம், தரையில் உட்கார்ந்து எழுவது, தலையைத் தொங்கவிடும் ஆசனம், மூச்சை அடக்கும் பயிற்சி எதுவும் இல்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவும், நிலையாக நிற்கவும், தோளுக்கு மேல் கை தூக்கவும் பழகுவோம்.
>
> செவ்வாய், வியாழன், சனி காலை 8.30 முதல் 9.15 வரை, சிங்கப்பூர் நேரம் (சென்னையில் காலை 6 மணி). ஒரு வகுப்பில் 12 பேர் மட்டுமே. ஒவ்வொருவரையும் திரையில் பார்த்துப் பெயர் சொல்லித் திருத்துவேன். வகுப்பு பதிவு செய்யப்படாது.
>
> சக்கரமும் கைப்பிடியும் இல்லாத ஒரு நாற்காலி, ஒரு விரிப்பு, கைப்பேசி போதும். கைப்பேசியை எங்கே வைப்பது என்று முந்தைய நாள் அழைத்துக் காட்டித் தருகிறேன்.
>
> வெறும் வயிற்றில் வர வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிடலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.
>
> முதல் வகுப்பு இலவசம். பிறகு 12 வகுப்புக்கு 96 வெள்ளி, ஆறு வாரத்துக்குள்.
>
> வாட்ஸ்அப்பில் பேசுங்கள்

உங்கள் பயிற்சித் தகுதியை இதில் சேர்க்கவில்லை. அதற்குக் கீழே தனியாக இரண்டு வரி போதும்: எங்கே, எத்தனை மணிநேரப் பயிற்சி, எந்த ஆண்டு. மன்றத்தில் மூத்தவர்களுக்குச் சொல்லித் தருவதை அதில் கட்டாயம் எழுதுங்கள். இந்த வகுப்புக்கு வருகிறவர்களுக்குச் சான்றிதழைவிட அதுதான் முக்கியம்.

கடைசியில் பொத்தான் ஒன்றே ஒன்று. படிவம், மின்னஞ்சல், முகநூல் என்று நாலு வழி காட்டினால் எதையும் அழுத்த மாட்டார்கள். வாட்ஸ்அப் இணைப்பில் நாட்டுக் குறியீடு வேண்டும், கூட்டல் குறியும் இடைவெளியும் கூடாது. 65 விடுபட்டால் அது உங்கள் எண்ணுக்குத் திறக்காது:

```
https://wa.me/65XXXXXXXX
```

செய்தியை அழகான படமாக வடிவமைத்து ஏற்றிவிடாதீர்கள். பண்டிகை வாழ்த்துப் பழக்கத்தில் பலர் அப்படிச் செய்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகல் தேடலில் கண்டுபிடிப்பது அரிது, கண் மங்கியவர் பெரிதாக்கினால் உடையும், நேரத்தை மாற்ற வேண்டுமானால் மறுபடி வடிவமைக்க வேண்டும். எழுத்தாகவே தட்டச்சிடுங்கள், 18 பிக்சலுக்குக் குறையாமல். தளத்தை அமைப்பவரிடம் பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று குறிக்கச் சொல்லுங்கள். அது ஆங்கிலம் என்றே கிடந்தால், பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரலில் திணறித் திணறிப் படிக்கக்கூடும்:

```html
<html lang="ta">
```

சேர்பவரிடம் வாங்கும் விவரம் முகப்பில் வராது, ஆனால் வரவேற்பின் தொடர்ச்சி அதுதான். பெயர், வாட்ஸ்அப் எண், வகுப்பு நேரத்தில் இருக்கும் முகவரி, அந்நேரம் வீட்டில் இருப்பவர் ஒருவரின் எண், முழங்கால், இடுப்பு, கண், இதயம் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இதற்கு மேல் கேட்காதீர்கள். அடையாள அட்டை எண் வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்காத இடத்தில் பொதுவாக அதை வாங்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. கட்டணம் வாங்கி வகுப்பு நடத்தும் தனி ஆசிரியரையும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதி, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

முகவரி கேட்பதற்குக் காரணம் உண்டு. வகுப்பின் நடுவே ஒருவர் விழுந்தால் இங்கிருந்து 995 அழைக்க உங்களுக்கு அவர் வீட்டு எண் தேவை. அவர் ஜொகூரிலோ சென்னையிலோ இருந்தால் நீங்கள் இங்கிருந்து 995 அழைத்துப் பயனில்லை. அங்குள்ளவர் மலேசியாவில் 999, தமிழ்நாட்டில் 108 அழைக்க வேண்டும். அதனால்தான் வீட்டில் இருப்பவரின் எண்ணை முன்கூட்டியே வாங்குவது. வெளிநாட்டுக்காரர்களின் இந்த எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, வகுப்பு நேரத்தில் உங்கள் மடிக்கணினி பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

செய்தியை வெளியிடும் முன், மன்றத்தில் உங்களிடம் படிக்கும் ஒரு அக்காவிடம் அவருடைய கைப்பேசியிலேயே திறந்து கொடுங்கள். ஒரு நிமிடம் படிக்கவிட்டு, கைப்பேசியை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: வகுப்பு எத்தனை மணிக்கு, தரையில் உட்கார வேண்டுமா, என்ன நாற்காலி, எவ்வளவு காசு. எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறாரோ அந்த வரியை மேலே ஏற்றுங்கள் அல்லது சுருக்குங்கள். முதல் மாதம் வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளையும் கவனியுங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அதற்கான பதில் முகப்பில் இல்லை, அல்லது இருந்தும் கண்ணில் படவில்லை.